சுழலும் மேடையில் பந்து ஏன் வளைகிறது?

1960-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர்கள் இருவர், பேட்டர்சன் ஹியூமும் டொனால்டு ஐவியும், பள்ளி மாணவர்களுக்காக எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் தோன்றினார்கள். படத்தின் ஒரு பகுதியில் பெரிய மேசை ஒன்று சுழல்கிறது. உராய்வே இல்லாததுபோல வழுக்கிச் செல்லும் ஒரு வட்டை அதன்மேல் தள்ளிவிடுகிறார்கள். தரையில் நிற்கும் கேமரா அதைப் படம் பிடிக்கும்போது வட்டு நேர்கோட்டில் போகிறது. மேசையோடு சேர்ந்து சுழலும் கேமராவில் பார்த்தால், அதே வட்டு வளைந்து ஒரு பக்கமாக ஒதுங்குகிறது.

வட்டு ஒன்றுதான், அதன் ஓட்டமும் ஒன்றுதான். இரண்டு கேமராக்களும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் வட்டை வளைத்தது எது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால், பேருந்து திரும்பும்போது நாம் ஏன் சாய்கிறோம் என்பதில் தொடங்கி, வங்கக்கடல் புயல் ஏன் எப்போதும் ஒரே பக்கமாகச் சுழல்கிறது என்பதுவரை பலவும் விளங்கிவிடும்.

அக்கா எறிந்த பந்து

ஒரு பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் வட்டமான சுழல்மேடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து விளிம்புவரை 2 மீட்டர். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், 6 விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுழல்கிறது. நடுவில் அக்கா நிற்கிறாள். விளிம்பில் கம்பியைப் பிடித்தபடி தம்பி. வெளியே தரையில் அம்மா.

அக்கா தம்பியைப் பார்த்து நேராகப் பந்தை எறிகிறாள். பந்து மேடையைத் தொடாமல் தாழ்வாக, விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகிறது. 2 மீட்டரைக் கடக்க அதற்கு அரை விநாடி போதும். ஆனால் அந்த அரை விநாடியில் மேடை ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 30 பாகை, திரும்பிவிடுகிறது. பந்து விளிம்புக்கு மேலே வந்துசேரும்போது தம்பி அங்கே இல்லை. அவன் விளிம்போடு சேர்ந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக, துல்லியமாகச் சொன்னால் 1.05 மீட்டர், நகர்ந்துபோயிருக்கிறான்.

“நேரா எறியத் தெரியாதா அக்கா?” என்கிறான் தம்பி.

“நேராத்தான்டா எறிஞ்சேன்!” என்கிறாள் அக்கா.

அம்மாவுக்கு இதில் எந்தப் புதிரும் இல்லை. பந்து நேராகப் போனது, பையன் நகர்ந்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் மேடையில் இருக்கும் இருவருக்கும் மேடைதான் உலகம். அக்கா எறியும்போதும் தம்பி அவளுக்கு நேர் எதிரே இருந்தான். பந்து வந்துசேர்ந்தபோதும் நேர் எதிரேதான் இருந்தான். மேடையின் பலகையில் பந்து கடந்த இடங்களையெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அக்காவின் காலடியில் தொடங்கி, தம்பியை நோக்கிக் கிளம்பி, வரவர அவளுடைய வலப்பக்கமாக வளைந்து, தம்பிக்கு 1.05 மீட்டர் தள்ளி விளிம்பைத் தாண்டும் கோடு அது.

கணக்கு ஒத்துப்போகிறது

ஒரு பொருளின் பாதை வளைந்தால் அதன்மேல் ஒரு விசை செயல்பட்டிருக்க வேண்டும் என்பது நியூட்டனின் விதி. மேடையில் இருப்பவர்கள் அந்த விதியைக் கைவிட விரும்பவில்லை என்றால், பந்தை வலப்பக்கம் தள்ளும் விசை ஒன்று இருப்பதாகக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அதைத்தான் கொரியோலிஸ் விசை என்கிறோம்.

அதன் அளவைக் கண்டுபிடிப்பதும் எளிதுதான். மேடையின் சுழற்சி வேகத்தைப் பந்தின் வேகத்தோடு பெருக்கி, வரும் விடையை இரட்டிப்பாக்கினால், பந்துக்கு ஏற்படும் பக்கவாட்டு முடுக்கம் கிடைக்கும். சுழற்சி வேகத்தை இங்கே ரேடியன் என்னும் அலகில் அளக்க வேண்டும். 6 விநாடிக்கு ஒரு சுற்று என்பது விநாடிக்கு ஏறக்குறைய 1.05 ரேடியன். அதை 4-ஆல் பெருக்கி இரட்டிப்பாக்கினால் விநாடிக்கு விநாடி 8.4 மீட்டர் வருகிறது. இந்த முடுக்கம் அரை விநாடி செயல்பட்டால் பந்து எவ்வளவு விலகும் என்பதற்குப் பள்ளிப் பாடத்திலேயே சூத்திரம் உண்டு: முடுக்கத்தில் பாதியை நேரத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். விடை 1.05 மீட்டர்.

அம்மா தரையில் நின்று, விசை எதையும் சேர்க்காமல், தம்பி எவ்வளவு நகர்ந்தான் என்று மட்டும் பார்த்துச் சொன்ன அதே எண். இரண்டு பக்கமும் ஒரே விடைக்கு வருவதால்தான் இயற்பியலாளர்கள் இந்த விசையைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள்.

இனி எதிர்த்திசையில் எறிந்து பார்க்கலாம். தம்பி விளிம்பிலிருந்து அக்காவைக் குறிவைத்து எறிகிறான். அக்கா நடுவில் இருக்கிறாள். அவள் எங்கும் நகர்வதில்லை. இந்தமுறை பந்து சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் தோன்றும். சேராது. தம்பி விளிம்போடு விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலிருந்து புறப்படும் பந்து அந்தப் பக்கவாட்டு வேகத்தையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. அதனால் அது அக்காவிடமிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகியே போகிறது. எந்தப் பக்கம் விலகுகிறது? எறிந்த தம்பிக்கு வலப்பக்கம்.

அக்கா எறிந்தபோது இலக்கு நகர்ந்தது. தம்பி எறிந்தபோது எறிபவர் நகர்ந்தார். காரணங்கள் வேறு, விளைவு ஒன்றே. மேடை கடிகார எதிர்த்திசையில் சுழலும்வரை, எந்தத் திசையில் எறிந்தாலும் பந்து தன் போக்குக்கு வலப்பக்கமாகவே வளையும். சுழற்சியைத் திருப்பிப் போட்டால் எல்லா வளைவும் இடப்பக்கமாக மாறிவிடும்.

வேகமாக எறிந்தால் என்ன ஆகும்? வேகம் இரட்டித்தால் கொரியோலிஸ் விசையும் இரட்டிக்கிறது. ஆகவே பந்து இன்னும் அதிகமாக விலகும் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். நடப்பது நேர்மாறு. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பந்து கால் விநாடியில் விளிம்பை எட்டிவிடும். அதற்குள் மேடை 15 பாகைதான் திரும்பியிருக்கும். விலகல் பாதியாகிவிடுகிறது. விசை இரட்டித்தாலும் அது வேலைசெய்யக் கிடைத்த நேரம் பாதியாகிறது. விலகலோ நேரத்தின் இருமடியைப் பொறுத்தது. இந்த விளைவு வெளியே தெரிய வேண்டுமென்றால் நிறைய விசை இருந்தால் போதாது, நிறைய நேரமும் வேண்டும். பின்னால் பூமிக்கு வரும்போது இது முக்கியமாகும்.

தள்ளுவது யார்?

கொரியோலிஸ் விசையைப் போலி விசை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதற்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு. உண்மையான விசை என்றால் அதைச் செலுத்தும் பொருள் ஒன்று இருக்க வேண்டும்: கை தள்ளுகிறது, கயிறு இழுக்கிறது, பூமி ஈர்க்கிறது. தள்ளப்படும் பொருளும் தள்ளுவதை அதே அளவில் திருப்பித் தள்ளும். கொரியோலிஸ் விசைக்கு அப்படித் தள்ளுபவர் யாரும் இல்லை. ஆகவே எதிர்விசையும் இல்லை. அது பொருளின் நிறைக்குச் சரியான விகிதத்தில் இருக்கும்; அதனால் இரும்புக் குண்டும் ரப்பர் பந்தும் ஒரே மாதிரி வளையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையை விட்டு இறங்கித் தரையில் நின்று பார்த்தால் அது கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

சுழலும் மேடையில் இன்னொரு போலி விசையும் உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்த மையவிலக்கு விசை. தம்பியின் எடை 40 கிலோ என்றால், விளிம்பில் அவனை வெளியே தள்ளுவதுபோல் தோன்றும் விசை சுமார் 9 கிலோ எடைக்குச் சமம். அம்மாவின் பார்வையில் அவனை யாரும் வெளியே தள்ளவில்லை. அவன் உடல் நேராகப் போகப் பார்க்கிறது. கம்பி அவனை உள்நோக்கி இழுத்து வட்டத்தில் திருப்புகிறது. கம்பியின் இழுப்பு உண்மை. வெளியே தள்ளுவதாகத் தோன்றுவது சுழலும் பார்வையின் கணக்கு. பேருந்து வேகமாகத் திரும்பும்போது சாய்வதும் இதனால்தான்: பேருந்து திரும்புகிறது, உடல் பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது.

இந்த இரண்டு விசைகளில் மையவிலக்கு விசையை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்பதற்கு அம்மாவே சாட்சி. அவர் மேடையின் மையத்திலிருந்து 3 மீட்டர் தூரத்தில் அசையாமல் நிற்கிறார். மேடையில் இருக்கும் பிள்ளைகளுக்கோ அவர் 6 விநாடிக்கு ஒருமுறை தங்களைச் சுற்றி ஓடுவதாகத் தெரியும். வட்டத்தில் ஓடும் ஒருவரை மையத்தை நோக்கி ஏதாவது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மையவிலக்கு விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அம்மா பூங்காவைத் தாண்டிப் பறந்திருக்க வேண்டும்.

கணக்கைச் சரிக்கட்டுவது கொரியோலிஸ் விசைதான். பிள்ளைகளின் பார்வையில் அம்மா கடிகார முள் திசையில் ஓடுகிறார். அவருடைய வலப்பக்கம் என்பது மையத்தை நோக்கிய பக்கம். அந்தத் திசையில் கொரியோலிஸ் விசை, மையவிலக்கு விசையைப்போல் சரியாக இரண்டு மடங்காக இருக்கிறது. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது உள்நோக்கிய ஒரு பங்கு. அம்மாவை அந்த வட்டத்தில் வைத்திருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூத்திரத்தில் அந்த “இரட்டிப்பு” ஏன் தேவை என்பது இங்கே வெளிச்சமாகிறது. அது இல்லாவிட்டால், சும்மா நிற்கும் அம்மாவை மேடையிலிருந்து விளக்கவே முடியாது.

இந்த விசைக்குப் பெயர் தந்த காஸ்பார்-குஸ்தாவ் கொரியோலிஸ் காற்றையோ புயலையோ ஆராய்ந்தவர் அல்ல. பாரிஸில் வாழ்ந்த பிரெஞ்சுப் பொறியியலாளரான அவர், 1835-ல் வெளியிட்ட கட்டுரையில் நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களைப் பற்றித்தான் எழுதினார். சுழலும் சக்கரத்துக்குள் நீரும் நகர்ந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்று கணக்கிட, மையவிலக்கு விசை மட்டும் போதாது என்று அவர் கண்டார்.

இருட்டறையில் நீளும் கை

போலி என்று சொல்லிவிட்டதால் அதை உணர முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் பிரான்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு முழு அறையே சுழலும் ஆய்வகம் இருக்கிறது. ஜேம்ஸ் லாக்னர், பால் டிஸியோ என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே செய்த சோதனையின் முடிவுகளை 1994-ல் வெளியிட்டார்கள். அறை நிமிடத்துக்கு 10 சுற்று சுழன்றது. அதாவது நம் பூங்கா மேடையைப்போலவே 6 விநாடிக்கு ஒரு சுற்று.

அறையின் நடுவில் ஒருவரை உட்காரவைத்து, மிக மெதுவாகச் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சுழல்வதை உணர்த்தும் காதுக்குள் இருக்கும் உறுப்பு, வேகம் மாறும்போதுதான் செய்தி சொல்லும். வேகம் ஒரே சீராகிவிட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே இருட்டில் அசையாமல் இருப்பவருக்கு, தான் ஓய்வாக உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். இப்போது எதிரே தெரியும் ஒரு புள்ளியைத் தொடச் சொல்வார்கள்.

கை நீள்கிறது. விநாடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் நீளும் கைக்கு, இந்தச் சுழற்சியில் ஏற்படும் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 15 விழுக்காடு. கை வளைந்து போய்ப் புள்ளியைத் தவறவிடுகிறது. யாரோ கையைப் பிடித்துத் தள்ளியதுபோல அவருக்குத் தோன்றும். கையை நீட்டாமல் வைத்திருக்கும்வரை எந்தத் தள்ளலும் இல்லை. நீட்டும்போது மட்டும் அது வருகிறது.

திரும்பத் திரும்பத் தொட முயலும்போது, சுமார் 40 முயற்சிகளுக்குள் கை மறுபடி நேராகவும் சரியாகவும் போகத் தொடங்குகிறது. மூளை அந்த விசையைக் கணக்கில் எடுத்து, தசைகளுக்கு முன்கூட்டியே எதிர்த்திருத்தம் சொல்லிவிடுகிறது. அப்போது அந்தத் தள்ளல் இருப்பதே தெரியாமல் போகிறது. பிறகு அறையை நிறுத்திவிட்டு அதே புள்ளியைத் தொடச் சொன்னால், கை எதிர்ப்பக்கமாக வளைகிறது. இப்போது தள்ளும் விசை எதுவும் இல்லை. மூளை கற்றுக்கொண்ட திருத்தம் மட்டும் மிச்சமிருக்கிறது.

தரையிலிருந்து பார்ப்பவர் இதையும் விசை இல்லாமலே விளக்குவார்: கை நேராகப் போகப் பார்த்தது, உடலும் புள்ளியும் அறையோடு திரும்பின. உடலுக்கோ அறைதான் ஓய்வாக இருக்கும் இடம். அங்கே எழுதும் கணக்கில் இந்த விசை இல்லாமல் ஒரு விரலைக்கூடச் சரியாக நீட்ட முடியாது.

உண்மையிலேயே உருளும் பந்து

இதுவரை பந்து மேடையைத் தொடாமல் போனது. அதை மேடைமேல் உருட்டிவிட்டால் கதையில் ஒரு திருப்பம் வருகிறது. உருளும் பந்து ஒவ்வொரு கணமும் மேடையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது; அந்தத் தொடுபுள்ளியில் உராய்வு இருக்கிறது. உராய்வு போலி அல்ல, உண்மையான விசை. அது பந்தை மேடையின் சுழற்சித் திசையிலேயே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது.

எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு அழகான விடை உண்டு. கோலிக்குண்டைப்போல உள்ளெல்லாம் ஒரே சீராக நிரம்பிய உருண்டை, வழுக்காமல் உருண்டால், அதன் பாதை தரையிலிருந்து பார்க்கும்போதும் நேர்கோடு அல்ல. மேடை திரும்பும் கோணத்தில் ஏழில் இரண்டு பங்கு அளவுக்கு உருண்டையின் திசையும் திரும்பும். கோலி சின்னதா பெரியதா, கண்ணாடியா இரும்பா என்பது முக்கியமில்லை. ஆனால் உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய ஓட்டுப் பந்து என்றால் பங்கு மாறும்: ஐந்தில் இரண்டு.

அக்கா எறிந்ததற்குப் பதிலாக ஒரு கோலியை அதே வேகத்தில் உருட்டிவிட்டிருந்தால்? மேடை 30 பாகை திரும்புவதற்குள் கோலியின் திசை 8.6 பாகை திரும்பும். சிறிது சிறிதாகத் திரும்புவதால், அது விளிம்பை எட்டும் இடம் அதில் பாதியளவு, 4.3 பாகை, தம்பியின் பக்கமாக நகர்ந்திருக்கும். ஆகவே கோலி தம்பியை 1.05 மீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டரில் தவறவிடும். மேடையில் இருப்பவர்களுக்கு அது அப்போதும் வலப்பக்கம்தான் வளைகிறது. ஆனால் வளைவில் ஒரு பகுதியை உராய்வு தின்றுவிட்டது. பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்துபார்ப்பவர்களுக்கு அளவு எப்போதும் குறைவாகவே வருவதற்கு இதுவே காரணம்.

கோலியை மிக மெதுவாக உருட்டினால் இன்னும் வியப்பான காட்சி கிடைக்கும். விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் விட்டால், தரையிலிருந்து பார்ப்பவருக்குக் கோலி சுமார் 33 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தில் சுற்றிவரும். மேடை மூன்றரைச் சுற்று சுற்றும்போது கோலி ஒரு சுற்று முடிக்கும். நம் மேடையில் அதற்கு 21 விநாடி ஆகும். மையவிலக்கு விசை அதை வெளியே வீசிவிடும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த வட்டத்தின் மையம் மேடையின் மையமாக இருக்க வேண்டியதும் இல்லை.

நடைமுறையில் இரண்டு விஷயங்கள் இதைக் கெடுக்கும். உருளும்போது ஏற்படும் சிறு இழப்புகளால் வட்டம் மெல்ல மெல்லப் பெரிதாகி, கடைசியில் கோலி விளிம்பைத் தாண்டிவிடும். மேடை மட்டமாக இல்லாவிட்டால் வட்டம் முழுவதுமே ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். அப்போதும் அது சரிவில் கீழே இறங்காது. சரிவுக்குக் குறுக்காகவே நகரும். கோலி அப்படி ஒதுங்குவதைக் கண்டால், மேடையின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

மிக மெதுவான ஒரு மேடை

பூமியும் ஒரு சுழலும் மேடைதான். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் அதுவும் கடிகார எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆனால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். நம் பூங்கா மேடையைவிட 14,400 மடங்கு மெதுவு. போதாததற்கு, தரையோடு ஒட்டிய நகர்வுக்கு அந்தச் சுழற்சியின் முழுப் பலனும் துருவத்தில்தான் கிடைக்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறைந்து, நடுக்கோட்டில் பூச்சியமாகிவிடும். 13 பாகையில் இருக்கும் சென்னைக்குக் கிடைப்பது துருவத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு.

சேப்பாக்கத்தில் வேகப்பந்து வீச்சாளர் வீசும் பந்து அரை விநாடியில் மட்டையாளரை எட்டுகிறது. அந்த நேரத்தில் பூமியின் சுழற்சியால் அது எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டால் கால் மில்லிமீட்டர்கூட வராது. பந்து ஸ்விங் ஆவதற்குக் காரணம் அதன் தையலும் காற்றும்தான். கைகழுவும் தொட்டியில் நீர் சுழன்று இறங்குவதும் அப்படித்தான். தொட்டியின் வடிவம், குழாயிலிருந்து நீர் விழுந்த பக்கம், கை கலக்கிய விதம் ஆகியவையே அந்தச் சுழியின் திசையைத் தீர்மானிக்கின்றன.

பூமியின் சுழற்சியைத் தொட்டியில் பார்க்கவே முடியாதா? முடியும், ஆனால் பொறுமை வேண்டும். எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷபீரோ 1962-ல் அதைச் செய்துகாட்டினார். சுமார் 1.8 மீட்டர் அகலமான வட்டத்தொட்டியில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பி, மூடிவைத்து, பழைய அசைவெல்லாம் அடங்கும்வரை 24 மணி நேரம் காத்திருந்தார். பிறகு நடுவிலிருந்த சிறு துளையைத் திறந்தார். பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அதன்பின் நீர் கடிகார எதிர்த்திசையில் சுழலத் தொடங்கியது. சில ஆண்டுகளில், 1965-ல், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இதே சோதனையைச் செய்தபோது நீர் கடிகாரத் திசையில் சுழன்றது. தென்கோளத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

காற்றுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, ஏனென்றால் அதற்கு நேரம் நிறைய இருக்கிறது. சென்னை இருக்கும் பாகையில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 3 மணி நேரம் போகும் காற்று 108 கிலோமீட்டர் கடக்கும். வேறு எந்த விசையும் குறுக்கிடாவிட்டால் அதற்குள் அது சுமார் 19 கிலோமீட்டர் வலப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். பந்துக்குக் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, காற்றுக்கு 19 கிலோமீட்டர்! வேறுபாடு முழுவதும் நேரத்தால் வந்தது.

வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகும்போது சுற்றிலுமிருந்து காற்று மையத்தை நோக்கி விரைகிறது. ஒவ்வொரு காற்றோட்டமும் தன் வலப்பக்கம் ஒதுங்குவதால், எதுவும் நேராக மையத்தில் போய் விழுவதில்லை. மையத்தைத் தன் இடப்பக்கம் விட்டுவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. அப்படி எல்லாப் பக்கமும் நடக்கும்போது மொத்தச் சுழலும் கடிகார எதிர்த்திசையில் அமைகிறது. காற்று வலப்பக்கம் வளைய, புயல் இடப்பக்கமாகச் சுழல்வது முதலில் முரண்பாடாகத் தோன்றினாலும், ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 5 பாகைக்குள் புயல்கள் மிக அரிதாகவே உருவாவதற்கும் காரணம், அங்கே இந்த ஒதுக்கும் வேலை மிகவும் பலவீனமாக இருப்பதுதான். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை பாகையில் உருவான வாமெய் புயல் அந்த அரிய விதிவிலக்குகளில் ஒன்று.

இந்த வளைவை வீட்டிலேயே பார்க்க ஒரு வட்ட அட்டையும் குண்டூசியும் போதும். அட்டையின் நடுவில் ஊசியைக் குத்திப் பலகையில் பொருத்துங்கள். அட்டைக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு நீள அளவுகோலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அட்டையைக் கடிகார எதிர்த்திசையில் சீராகத் திருப்ப, நீங்கள் பேனாவை அளவுகோல் ஓரமாக நடுவிலிருந்து வெளியே நேராக இழுங்கள். உங்கள் கை நேராகத்தான் போயிருக்கும். அட்டையில் கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். அடுத்த முறை அதே சுழற்சியில் பேனாவை இரண்டு மடங்கு வேகமாக இழுத்து, இரண்டு கோடுகளும் விளிம்பைத் தொடும் இடங்களைக் கோணமானியால் அளந்து பாருங்கள். இரண்டாவது கோட்டின் விலகல் முதலாவதில் பாதியாக இருக்கும்.